வீட்டு இன்டீரியர் வேலை இழுத்துக்கொண்டே போகிறதா? புதிய கால அட்டவணையும் இழப்பீடும் கேட்டு எழுதும் கடிதம்

"அடுத்த வாரம் முடிச்சிடலாம் சார்." இன்டீரியர் வேலை கொடுத்த வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் முப்பது நாற்பது ஆண்டு பழைய அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள், வேலை முடியும்வரை பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூன்று மாதம் என்று சொன்ன வேலை ஆறு மாதம் ஆகும்போது வாடகை ஒரு பக்கம் ஓடுகிறது. இன்னொரு பக்கம், முதலில் பேசிய தொகைக்கு மேல் லட்சக்கணக்கில் கூடுதல் பில் வருகிறது.

இந்த நிலையில் பலரும் செய்வது இரண்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் கோபமாகப் பத்து மெசேஜ் போடுவார்கள்; இல்லையென்றால், வேலை முடிந்தால் போதும் என்று புதுத் தேதிக்குத் தலையாட்டிவிடுவார்கள். இரண்டாவதில்தான் பெரிய நஷ்டம் இருக்கிறது. புதுத் தேதியை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டால், பழைய தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமையே கைவிட்டுப் போகலாம். அது நடக்காமல் ஒரு கடிதம் எழுதுவது எப்படி என்பதை ஒரு கணக்கை வைத்து இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சட்டம் சொல்வது என்ன?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இல் இதற்குத் தேவையான பிரிவுகள் மூன்று.

முதலாவது பிரிவு 55. சொன்ன காலத்தில் வேலையை முடிக்காதபோது என்ன ஆகும் என்பதை இது சொல்கிறது. காலக்கெடு அந்த ஒப்பந்தத்துக்கு உயிர்நாடி என்றால், வேலை கொடுத்தவர் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். அப்படி இல்லையென்றால் முறிக்க முடியாது. ஆனால் தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்கலாம். இதே பிரிவின் கடைசிப் பகுதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. முறித்துக்கொள்ள உரிமை இருந்தும், தாமதமாக வரும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொள்ளும் அந்த நேரத்திலேயே 'இழப்பீடு கேட்பேன்' என்று அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. உங்கள் ஒப்பந்தத்தில் காலக்கெடு உயிர்நாடியா இல்லையா என்ற வாதம் எப்படிப் போனாலும், இந்த அறிவிப்பை எழுத்தில் கொடுத்துவிட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு. கடிதத்தில் இது ஒரே ஒரு வாக்கியம். ஆனால் மொத்தக் கடிதமும் அதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது பிரிவு 73. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக ஏற்படும் நஷ்டத்தைக் கேட்கலாம். தூரத்துச் சம்பந்தமுள்ள நஷ்டத்தைக் கேட்க முடியாது. வீடு தயாராகாததால் கட்டிய வாடகை இயல்பான நஷ்டம். 'டென்ஷனில் ஆபீஸ் வேலை கெட்டு புரமோஷன் போச்சு' என்பது தூரத்து நஷ்டம். இன்னொன்றும் உண்டு: நஷ்டத்தைக் குறைக்க உங்களிடம் என்ன வழி இருந்தது என்பதும் கணக்கில் எடுக்கப்படும்.

மூன்றாவது பிரிவு 74. தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், அந்தத் தொகைதான் உச்சவரம்பு. நியாயமான இழப்பீடு அதற்குள் அடங்கும். அந்தத் தொகையையும் கேட்டு, வாடகையையும் தனியாகக் கேட்பது எடுபடாது.

கோபத்தில் முறித்துவிடாதீர்கள்

'தேதி தாண்டிப் போச்சு, இனி நீங்க வரவேண்டாம்' என்று சொல்லிப் பூட்டைப் போட்டுவிடலாமா? 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் கான்ட்ராக்டர்ஸ் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. ஓர் ஆற்றின் குறுக்கே நீர்ப்பாலம் கட்டும் வேலை அது. பன்னிரண்டு மாதக் கெடு முடிந்ததும் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக்கும், தாமத அபராதத்துக்கும் இடம் இருந்தது. அப்படி இடம் இருந்தால், தேதி தாண்டினாலும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது என்று பொருள். நியாயமான ஒரு புதுக் கெடுவைக் கொடுத்து, அதற்குள் முடிக்காவிட்டால்தான் ரத்து என்று முதலில் அறிவித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ரத்து செய்தது தவறு என்று தீர்ப்பானது.

அரசுக்கே இந்த நிலை என்றால் நமக்கும் அதேதான். எனவே கடிதம் இரண்டு வேலை செய்ய வேண்டும். நியாயமான புதுக் கெடுவைக் கொடுக்க வேண்டும். பழைய தாமதத்துக்கான உரிமையை விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

ஒரு கணக்கு: கச்சேரி சாலைப் பக்கம் ஒரு வீடு

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய ஃபிளாட். மாடுலர் கிச்சன், மூன்று அலமாரி, ஃபால்ஸ் சீலிங், பெயின்டிங், மின்வேலை எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டி உட்பட ரூ.12,00,000 என்று கொட்டேஷன். வேலை தொடங்கிய நாள் 2.6.2025. முடிக்க வேண்டிய நாள் 31.8.2025. தாமதத்துக்கு அபராதம் என்று ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை. இதுவரை கொடுத்தது ரூ.9,00,000.

நவம்பர் 15 அன்று நிலைமை இதுதான். கிச்சன் பெட்டிகள் வரவில்லை, இரண்டு அலமாரிக்குக் கதவு இல்லை, பெயின்டிங் பாதியில் நிற்கிறது. டிசைனரோ மொத்தத் தொகை ரூ.14,85,000 ஆகும் என்கிறார். அதாவது ரூ.2,85,000 கூடுதல்.

முதல் படி: தாமத நாட்களை நேர்மையாக எண்ணுங்கள்

ஆகஸ்ட் 31-க்குப் பிறகு நவம்பர் 15 வரை 76 நாட்கள். இதை அப்படியே எழுதிவிடக் கூடாது. நம்மால் ஆன தாமதம் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பம் லேமினேட் நிறத்தைத் தேர்ந்தெடுக்க 10 நாள் தாமதித்தது. நடுவில் பூஜை அலமாரி ஒன்று கூடுதலாகக் கேட்டது. அதற்கு 6 நாள் ஆகும் என்று டிசைனர் அப்போதே சொல்லியிருந்தார். இந்த 16 நாளைக் கழித்தால் மீதி 60 நாள். கடிதத்தில் எழுத வேண்டியது 60 நாள்தான். நாமே கழித்துக் காட்டிவிட்டால், எதிர்த்தரப்பு சொல்ல இருந்த முதல் பதில் அங்கேயே முடிந்துவிடும்.

டிசைனர் சொல்லும் மற்ற காரணங்களையும் ஒவ்வொன்றாக உரசிப் பாருங்கள். 'மழை, பெயின்ட் காயல' என்பது அக்டோபர், நவம்பரில் சென்னைக்கு ஓரளவு நியாயமான காரணம். ஆனால் பட்டறையில் தயாராகும் கிச்சன் பெட்டிக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. தவிர, பெயின்டிங் ஆகஸ்டிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. அதை மழைக்காலத்துக்குத் தள்ளியது முந்தைய தாமதம்தான். 'நவராத்திரிக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடை போட்டுட்டாங்க, வண்டி உள்ளே வரல', 'மெட்ரோ வேலைக்காக ரூட்டை மாத்திட்டாங்க' என்பதெல்லாம் மயிலாப்பூரில் வேலை எடுக்கும் எவருக்கும் கொட்டேஷன் போடும்போதே தெரிந்த விஷயங்கள். அடுக்குமாடிச் சங்கம் துளை போடும் நேரத்தைக் கட்டுப்படுத்துவதும் அப்படித்தான், முன்பே அவரிடம் சொல்லியிருந்தால்.

இரண்டாம் படி: கூடுதல் பில்லை நான்காகப் பிரியுங்கள்

'ரூ.2,85,000 தரமாட்டோம்' என்று ஒட்டுமொத்தமாக மறுப்பது பலவீனமான பதில். அதில் நாம் கேட்டு வாங்கியதும் இருக்கும். விவரப் பட்டியலை எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு தொகையையும் அதன் காரணத்தோடு பிரிக்க வேண்டும். நம் கணக்கில் இப்படி வருகிறது.

பூஜை அலமாரி ரூ.60,000. விலை சொன்னார், வாட்ஸ்அப்பில் 'ஓகே' போட்டோம். இது தரவேண்டிய பணம்.

கிச்சன் அளவு வித்தியாசம் ரூ.45,000. இங்கேதான் கவனம் வேண்டும். சதுர அடி விலையில் பேசும்போது, முன்பக்கக் கதவின் பரப்பை அளக்கிறாரா, பெட்டியின் பக்கவாட்டு, அடிப்பலகை எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறாரா என்பதில் தொகை வெகுவாக மாறும். கொட்டேஷனில் எந்த முறை எழுதியிருக்கிறதோ அதே முறையில் இருவரும் சேர்ந்து டேப் வைத்து அளந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதற்குப் பதில். அதுவரை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

பிளைவுட் விலை, கூலி உயர்வு ரூ.1,10,000. கொட்டேஷன் நிலையான விலையில் போடப்பட்டது. விலை ஏறினால் கூட்டலாம் என்ற வரி அதில் இல்லை. ஆகவே இதை ஏற்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் முடிந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தவறாக வெட்டிய பலகைகளை மறுபடி செய்தது ரூ.70,000. அவருடைய ஆட்கள் செய்த தவறு, அவருடைய செலவு.

ஆக, உறுதியாக ஏற்பது ரூ.60,000, அளந்த பிறகு முடிவு செய்வது ரூ.45,000, மறுப்பது ரூ.1,80,000.

மூன்றாம் படி: இழப்பீட்டைக் கணக்கிடுங்கள்

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வாடகை எப்படியும் கட்டியிருக்க வேண்டியது. அதைக் கேட்கக் கூடாது. செப்டம்பர் 1-க்குப் பிந்தையதுதான் தாமதத்தின் விளைவு. வாடகை மாதம் ரூ.22,000, சாமான்கள் வைத்திருக்கும் இடத்துக்கு மாதம் ரூ.4,000. இரண்டும் சேர்ந்து ரூ.26,000. 60 நாளுக்கு, அதாவது இரண்டு மாதத்துக்கு, ரூ.52,000. ஒரு நாள் கணக்கில் சுமார் ரூ.866.

வாடகை ஒப்பந்தமும் வங்கியில் பணம் அனுப்பிய விவரமும் இந்தத் தொகைக்கு ஆதாரம். கையில் பணமாகக் கொடுத்திருந்தால் ரசீது வாங்கி வையுங்கள். ரசீது இல்லாத செலவைக் கடிதத்தில் சேர்த்தால், ரசீது உள்ளதன் மீதும் சந்தேகம் வரும்.

ஒருவேளை ஒப்பந்தத்தில் 'வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம்' என்று இருந்தால்? ரூ.12,00,000-க்கு வாரம் ரூ.6,000. 60 நாளில் முழு வாரங்கள் எட்டு, தொகை ரூ.48,000. உண்மை நஷ்டம் ரூ.52,000 ஆனாலும், பிரிவு 74-இன்படி ரூ.48,000-க்கு மேல் கேட்க முடியாது. அதனால் கடிதம் எழுத உட்காரும்முன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

நான்காம் படி: புது அட்டவணையை நீங்களே முன்வையுங்கள்

'எப்போ முடிப்பீங்க?' என்று கேட்டால் மறுபடியும் 'அடுத்த வாரம்'தான் பதிலாக வரும். அட்டவணையை நாமே எழுதி, மாற்றம் தேவையென்றால் காரணத்தோடு சொல்லச் சொல்வது நல்லது. அதில் '80 சதவீதம் முடிந்தது' என்பது போன்ற வரிகள் இருக்கக் கூடாது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடிய கட்டங்களாக எழுதுங்கள்: பெட்டி பொருத்தியது, கதவு மாட்டியது, கீல் சரியாக மூடுகிறது, கடைசிக் கோட் பெயின்ட் அடித்தது.

வரிசையும் சரியாக இருக்க வேண்டும். கிச்சனின் கீழ்ப்பெட்டிகளைப் பொருத்திய பிறகுதான் கிரானைட் மேடைக்கு இறுதி அளவு எடுப்பார்கள். மேடை வந்த பிறகுதான் சிங்க், குழாய் இணைப்பு. பெட்டி ஒரு வாரம் தள்ளினால் பின்னால் உள்ள மூன்றும் தள்ளும். ஆகவே முதல் கெடு கிச்சன் பெட்டிக்குத்தான். பொங்கலுக்குத் தச்சர்கள் ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வர நாளாகும் என்பதால், கடைசி கெடுவைப் பொங்கலுக்கு முன்பே வைப்பது புத்திசாலித்தனம்.

மீதிப் பணத்தையும் இந்தக் கட்டங்களோடு கட்டிவிடுங்கள். மீதி ரூ.3,00,000, பூஜை அலமாரி ரூ.60,000, ஆக மொத்தம் ரூ.3,60,000. ஒரு கட்டம் முடிந்தால் அதற்கான பணத்தை உடனே கொடுக்க வேண்டும். அதை நிறுத்தி வைத்தால் 'பணம் வராததால் வேலை நின்றது' என்று அவர் சொல்ல நாமே இடம் கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்: (பெயர், முகவரி, மயிலாப்பூர், சென்னை – 600 004)
பெறுநர்: (டிசைனர் பெயர், நிறுவனம், முகவரி)
நாள்: 17.11.2025

பொருள்: உள்அலங்கார வேலைத் தாமதம் – திருத்திய கால அட்டவணையும் தாமத இழப்பீடும் கோருதல்.

பார்வை: 1. தங்கள் கொட்டேஷன், ஒப்பந்தம். 2. தங்கள் கூடுதல் தொகைப் பட்டியல்.

ஐயா/அம்மா,

1. எங்கள் வீட்டு உள்அலங்கார வேலையை ரூ.12,00,000-க்கு 31.8.2025-க்குள் முடித்துத் தர ஒப்புக்கொண்டீர்கள். இதுவரை ரூ.9,00,000 செலுத்தியுள்ளோம். 15.11.2025 அன்று கிச்சன் பெட்டிகள், இரண்டு அலமாரிக் கதவுகள், பெயின்டிங் ஆகியவை முடியவில்லை. அன்று எடுத்த புகைப்படங்களை இணைத்துள்ளோம்.

2. மொத்தத் தாமதம் 76 நாட்கள். நிறத் தேர்வுக்கு 10 நாள், கூடுதல் பூஜை அலமாரிக்கு 6 நாள் கழித்தால், தங்களால் ஏற்பட்ட தாமதம் 60 நாட்கள்.

3. கூடுதலாகக் கேட்ட ரூ.2,85,000-இல் பூஜை அலமாரிக்கான ரூ.60,000-ஐ ஏற்கிறோம். கிச்சன் அளவு வித்தியாசமான ரூ.45,000-ஐ, இருதரப்பும் சேர்ந்து அளந்த பிறகு முடிவு செய்வோம், 22.11.2025 காலை 10 மணிக்கு வர வேண்டுகிறோம். விலை, கூலி உயர்வு ரூ.1,10,000, மறுவேலை ரூ.70,000 ஆகியவை ஒப்பந்தத்தில் இல்லாததால் ஏற்கவில்லை.

4. தாமதத்தால் 60 நாட்களுக்கு வாடகை ரூ.44,000, சாமான் வைப்பிட வாடகை ரூ.8,000, ஆக ரூ.52,000 நஷ்டம் ஏற்பட்டுள்ளது. ஆதாரங்கள் இணைப்பில். இத்தொகையைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ள உள்ளோம்.

5. கீழ்க்காணும் அட்டவணையை முன்வைக்கிறோம்.
   அ) 6.12.2025 – கிச்சன் பெட்டிகள், கதவுகள் பொருத்துதல். முடிந்ததும் ரூ.1,00,000.
   ஆ) 24.12.2025 – கிரானைட் மேடை, சிங்க் இணைப்பு, எல்லா அலமாரிக் கதவுகள். முடிந்ததும் ரூ.1,00,000.
   இ) 10.1.2026 – பெயின்டிங், மின்பொருத்துதல், குறைகளைச் சரிசெய்தல், சுத்தம் செய்து ஒப்படைத்தல். முடிந்ததும் ரூ.1,60,000-இல் ரூ.52,000 கழித்து ரூ.1,08,000.

6. இந்த அட்டவணைக்கான எழுத்துப்பூர்வ ஒப்புதலையோ, காரணத்துடன் கூடிய மாற்று அட்டவணையையோ 26.11.2025-க்குள் அனுப்ப வேண்டுகிறோம். 10.1.2026-க்குள் முழுமையாக ஒப்படைத்தால் 16.11.2025-க்குப் பிந்தைய நாட்களுக்கு இழப்பீடு கோரமாட்டோம். தவறினால் 16.11.2025 முதல் நாளொன்றுக்கு ரூ.866 வீதம் கோருவோம். 10.1.2026 என்ற கெடு இந்த ஒப்பந்தத்துக்கு உயிர்நாடியானது. அதற்குள் முடியாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, மீதி வேலையை வேறொருவரிடம் செய்துகொள்ளவும் அதற்கான கூடுதல் செலவைத் தங்களிடம் கோரவும் உரிமை கொண்டுள்ளோம்.

7. புதிய கால அட்டவணைக்கு நாங்கள் சம்மதிப்பதும், தாமதமாகச் செய்யப்படும் வேலையை ஏற்பதும், 31.8.2025-க்குப் பிந்தைய தாமதத்துக்கு மேற்சொன்னபடி இழப்பீடு கோரும் எங்கள் உரிமையைக் கைவிடுவதாகாது.

இப்படிக்கு,
(கையொப்பம்)

ஏழாவது பத்திதான் முன்பு சொன்ன அந்த ஒரு வாக்கியம். அட்டவணையைப் பேசித் திருத்தும்போது எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அனுப்பும் முறை

2025-இல் பதிவு அஞ்சல் சேவை விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலில் பதிவு வசதியும், ஒப்படைத்ததற்கான சான்றும் கேட்டு வாங்கி அனுப்புங்கள். அதே கடிதத்தை பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். உறை வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். மூடிய உறையே சான்று. பழைய வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி பிரின்ட் எடுங்கள். ஆனால் ஃபோனில் உள்ள மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

பதில் வந்த பிறகு

பதில் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். புதுத் தேதி கொடுத்து, இழப்பீடு பற்றி ஒன்றுமே சொல்லாமல் விடுவது ஒன்று. இதற்கு 'தேதியை ஏற்கிறோம், 17.11.2025 கடிதத்தின் 4, 7-ஆம் பத்திகள் தொடர்ந்து பொருந்தும்' என்று உடனே பதில் எழுதுங்கள். வெறும் 'ஓகே, நன்றி' போட்டுவிட்டால், கால நீட்டிப்புக்கு நிபந்தனையின்றிச் சம்மதித்தீர்கள் என்று அவர் வாதிட வாய்ப்பு உண்டு.

'முதலில் ஒரு லட்சம் அனுப்புங்க, ஆள் விடறேன்' என்பது இரண்டாவது. செய்த வேலையின் மதிப்பைவிட அதிகமாக ஏற்கெனவே கொடுத்திருந்தால் மேலும் முன்பணம் தருவது ஆபத்து. கட்டம் முடிந்தால் அன்றே பணம் என்று பதில் எழுதுங்கள். அவருடைய பயம் பொருள் வாங்கப் பணமில்லை என்பதாக இருந்தால், கடைக்காரருக்கு நேரடியாகப் பணம் கட்டி பில்லை உங்கள் பெயரில் வாங்கலாம்.

மூன்றாவது, மௌனம். 10.1.2026 வரை பொறுத்து, அதன் பிறகு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக எழுத்தில் தெரிவியுங்கள். வேறு தச்சரை உள்ளே விடுமுன், வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பதை அறை அறையாகப் புகைப்படம், வீடியோ எடுத்து, முடிந்ததும் முடியாததும் தனித்தனிப் பட்டியலாக எழுதுங்கள். புது ஆள் கை வைத்த பிறகு எது யார் வேலை என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம். இரண்டு பேரிடமாவது கொட்டேஷன் வாங்குங்கள். நம் கணக்கில் கொடுக்க வேண்டிய மீதி ரூ.3,60,000. மீதி வேலையை முடிக்க ரூ.4,10,000 ஆகிறது என்றால், வித்தியாசமான ரூ.50,000-உம் இழப்பீட்டில் சேரும். ஆனால் இதுதான் சமயம் என்று முன்பைவிட உயர்ந்த பலகைக்கு மாறினால், அந்த உயர்வை டிசைனர் தலையில் கட்ட முடியாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால்

வீடு கட்டித் தரும் பணியும் 'சேவை'தான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டத்தின் கீழ் கேட்கலாம் என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான உள்அலங்கார வேலைக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருந்தும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அது நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயலும் ஏற்பாடு. உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்காகக் கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். டிசைனர் அலுவலகம் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை ரூ.200, 10 முதல் 20 லட்சம் வரை ரூ.400. நம் கணக்கில் ரூ.9,00,000 கொடுத்திருப்பதால் ரூ.200. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

புகார் கொடுக்க இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. 'பேசிக்கிட்டே இருக்கோம்' என்று நாள் தள்ளுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் இந்த இரண்டு ஆண்டு நீளாது. மன உளைச்சலுக்கான தொகையை ஆணையத்திடம் கேட்கலாம். எவ்வளவு என்பதை ஆணையம் முடிவு செய்யும். அதை டிசைனருக்கு எழுதும் கடிதத்தில் பெரிய தொகையாகச் சேர்த்தால், ரூ.52,000 என்ற கச்சிதமான கணக்கின் மதிப்புதான் குறையும்.

ஆணையத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கொட்டேஷன், பணம் செலுத்திய விவரம், கூடுதல் வேலைக்குச் சம்மதித்த உரையாடல், தேதியோடு புகைப்படங்கள், வாடகைச் சான்று, இந்தக் கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்று. கடிதத்தின் இணைப்புகளை ஒழுங்காக எண்ணிட்டு வைத்திருந்தால், புகார் மனுவின் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும்.